சிட்டுவின் தடுப்பூசி அட்டை: ஒரு நிகழ்வு ஆய்வு

சிட்டு ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் வளர்கிறது. அந்தக் குடும்பம் சென்னைக்கு மாற்றலாகிப் போக இருந்தது. சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்க ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதால் அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரேபிஸ் என்று அச்சிட்ட கட்டம் காலியாக இருந்தது. 12.01.26 அன்று நாயோடும் அட்டையோடும் என்னிடம் வந்தார்கள். "ரேபிஸ் ஊசியே போடலியா டாக்டர்? எல்லா ஊசியும் முடிஞ்சதுன்னுதானே அங்க சொன்னாங்க" என்று கேட்டார் அந்த அம்மா.

போட்டிருந்தார்கள். ஆனால் வேறொன்று போடப்படவில்லை, அதை அட்டையில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் விடை ஒரே ஸ்டிக்கரில் இருந்தது.

அட்டையில் இருந்ததை அப்படியே தருகிறேன். பிறந்த தேதி 05.06.25.

20.07.25: குட்டிகளுக்கான டிஸ்டெம்பர்–பார்வோ ஊசி. ஒரு ஸ்டிக்கர். எடை 2.6 கிலோ.

10.08.25: கூட்டு ஊசி. இரண்டு ஸ்டிக்கர்கள். எடை 4.5 கிலோ.

31.08.25: கூட்டு ஊசி, "பூஸ்டர்" என்று பேனாவில் எழுதியிருந்தது. இரண்டு ஸ்டிக்கர்கள். எடை 6.8 கிலோ. அடுத்த தேதி 31.08.26.

பூச்சி மருந்துப் பக்கத்தில் ஐந்து வரிகள். அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டத்தை விட்டு ஸ்டிக்கரைப் படிப்பது

கூட்டு ஊசி இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் உறைய வைத்து உலர்த்திய சிறு வில்லை இருக்கும். டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், பார்வோ, பாராஇன்ஃப்ளுயென்சா ஆகிய நான்கு வைரஸ்களின் வீரியம் குறைத்த உயிருள்ள வடிவங்கள் அதில் உள்ளன. இன்னொன்று திரவம். அதை ஊசியில் இழுத்து வில்லையைக் கரைத்துப் போடுவோம். இந்தத் திரவம் எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ தடுப்பூசியாக இருக்கலாம், ரேபிஸ் தடுப்பூசியாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம், வெறும் கரைப்பானாகவும் இருக்கலாம். திரவக் குப்பியின் ஸ்டிக்கரில் "எல்" என்றால் லெப்டோ, "ஆர்" என்றால் ரேபிஸ், "ஆர்எல்" என்றால் இரண்டும். எந்தத் திரவத்தை எந்த வில்லையோடு கலக்கலாம் என்பதை அந்தந்த நிறுவனத்தின் துண்டுச்சீட்டு சொல்லும். ஒரு நிறுவனத்தின் வில்லையை இன்னொரு நிறுவனத்தின் திரவத்தில் கரைப்பதில்லை.

சிட்டுவின் ஆகஸ்ட் 10 வரியில் இரண்டாவது ஸ்டிக்கர் "எல்". ஆகஸ்ட் 31 வரியில் அது "ஆர்". அட்டையில் கூட்டு ஊசிக்கென்று ஒரே கட்டம்தான் அச்சிட்டிருந்தது, அதன் தலைப்பிலும் லெப்டோ சேர்ந்தே இருந்தது. ஊசி போட்டவர் இரு ஸ்டிக்கரையும் அந்தக் கட்டத்தில் ஒட்டி டிக் அடித்துவிட்டார். கட்டத்தைப் படித்தால் லெப்டோ இரண்டு முறை, ரேபிஸ் இல்லவே இல்லை. ஸ்டிக்கரைப் படித்தால் லெப்டோ ஒரே முறை, ரேபிஸும் ஒரு முறை. உடலுக்குள் போனது எது என்பதற்கு ஸ்டிக்கர்தான் சாட்சி. டிக், கட்டம், பேனாவில் எழுதிய "பூஸ்டர்" எல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஸ்டிக்கரில் இன்னொரு தேதியும் இருக்கும். சிட்டுவின் அட்டையில் அது மார்ச் 2027. வீட்டுக்காரர் அதைக் காட்டி, "மார்ச் வரைக்கும் செல்லும்னுதானே போட்டிருக்கு" என்றார். அது குப்பி காலாவதியாகும் மாதம். ஊசி போட்ட நாளில் குப்பி காலாவதியாகாமல் இருந்ததா என்று பார்க்க மட்டுமே அது பயன்படும். நாயின் உடலில் எதிர்ப்புச் சக்தி எதுவரை நிற்கும் என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. வாரம் ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். ஸ்டிக்கரின் அச்சு அப்படி, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

வயதைக் கணக்கிட்டபோது

அடுத்து ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் குட்டியின் வயதை வாரத்தில் எழுதினேன். தேதியைவிட வயதுதான் முக்கியம். முதல் ஊசி 6 வாரம் 3 நாளில். இரண்டாவது 9 வாரம் 3 நாளில். மூன்றாவது 12 வாரம் 3 நாளில். இடைவெளி ஒவ்வொன்றும் சரியாக மூன்று வாரம். இடைவெளியில் குறையே இல்லை. ஆனால் தொடர் பாதியில் நின்றுவிட்டது.

குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் பொருட்கள் வந்துவிடுகின்றன. அவை குட்டியைக் காக்கும். கூடவே, தடுப்பூசியில் உள்ள பார்வோ, டிஸ்டெம்பர் வைரஸையும் வேலை செய்ய விடாமல் செயலிழக்கச் செய்துவிடும். இந்தத் தாய்வழி எதிர்ப்பு ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் கரையும், இன்னொன்றுக்கு 14 வாரம் வரை நிற்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வேறுபடும். எந்தக் குட்டிக்கு எப்போது கரையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். மூன்று ஊசி போட்டால் பலம் மூன்று மடங்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அவற்றில் ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி, 6 முதல் 8 வார வயதில் தொடங்கி 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும் என்கிறது.

சிட்டுவுக்கு 16 வாரம் நிறைந்தது 25.09.25 அன்று. அதற்குப் பிறகு ஒரு ஊசியும் இல்லை. "மூன்று ஊசி, முடிந்தது" என்று எண்ணிக்கையைப் பார்த்து முடித்துவிட்டார்கள். 12 வார ஊசி பிடித்திருக்கலாம், பெரும்பாலும் பிடித்துத்தான் இருக்கும். ஆனால் அட்டையை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியெல்லாம் போட்டும் ஐந்தாம் மாதத்தில் பார்வோ வந்தது என்று வரும் நாய்களின் அட்டையைப் பார்த்தால், பெரும்பாலும் கடைசி ஊசி 10 அல்லது 12 வாரத்தில் நின்றிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல். அட்டையில் உள்ள பிறந்த தேதியை நான் முழுதாக நம்பவில்லை. முதல் ஊசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சரியாக 45 நாள். நம் ஊரில் குட்டி விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது "45 நாள் குட்டி" என்பதுதான். கேட்டபோது, குட்டி வாங்கிய அன்றே முதல் ஊசி போட்டதாகவும், தேதியை ஊசி போட்ட இடத்தில் கணக்குப் போட்டு எழுதியதாகவும் சொன்னார்கள். அப்படியானால் குட்டி 38 நாளாகவும் இருந்திருக்கலாம், 50 நாளாகவும் இருந்திருக்கலாம். (8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. அது அந்தக் காகிதத்தோடு சரி.) ஏழு மாதத்தில் நிலையான பற்கள் எல்லாம் முளைத்துவிடும் என்பதால், பல்லைப் பார்த்து ஒரு வாரம் கூடவா குறைவா என்று இப்போது சொல்ல வழியில்லை.

ஒரு வாரப் பிழை கூட்டு ஊசித் திட்டத்தைப் பெரிதாக மாற்றாது. ரேபிஸை மாற்றும். ரேபிஸ் ஊசி 12 வாரம் நிறைந்த பிறகு போட்டால்தான் கணக்கு. அதற்கு முன் போட்டிருந்தால் 12 வாரத்தில் மறுபடி போடச் சொல்கிறார்கள். சிட்டுவுக்குப் போட்டது அட்டைப்படி 12 வாரம் 3 நாளில். குட்டி உண்மையில் ஒரு வாரம் இளையதாக இருந்திருந்தால் 11 வாரம் 3 நாள். கோட்டின் எந்தப் பக்கம் என்று தெரியாது.

மூன்று தனித்தனிக் கணக்குகள்

அட்டையில் அடுத்த தேதியாக 31.08.26 மட்டும் இருந்தது. கடைசி ஊசியோடு ஒரு வருடத்தைக் கூட்டிய தேதி அது. எல்லா ஊசிக்கும் சேர்த்து ஒரே தேதி போடும் பழக்கம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். சிட்டுவின் உடலில் ஓடுவது மூன்று கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தொடக்கம்.

முதலாவது பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ். இவை உயிருள்ள வைரஸ் ஊசிகள். தாய்வழி எதிர்ப்பு கரைந்த நாய்க்கு ஒன்று போட்டாலே பொதுவாகப் பிடித்துவிடும். விட்டுப்போனால் முதலிலிருந்து மூன்று ஊசி தொடங்கத் தேவையில்லை. சிட்டுவுக்கு இப்போது 31 வாரம். வழிகாட்டியில் 26 வார வயதில் அல்லது அதற்குப் பின் ஒரு ஊசி போடச் சொல்கிறார்கள். முன்பு ஒரு வயது முடியும்போது போட்டுவந்த ஊசியை ஆறு மாதத்துக்கு முன்னால் இழுத்ததுதான் அது. குட்டிப் பருவத்தில் பிடிக்காமல் போனவற்றை ஒரு வயதுவரை காத்திருக்க விடாமல் முன்பே பிடிப்பது நோக்கம். ஆக, இன்று போடும் ஒரே ஊசி விட்டுப்போன 16 வார ஊசிக்கும் ஈடு, 26 வார ஊசிக்கும் ஈடு. இதற்குப் பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கடி போடத் தேவையில்லை என்பதே வழிகாட்டியின் நிலை. நம் ஊரில் பலரும் ஆண்டுதோறும் கூட்டு ஊசியே போடுகிறார்கள். லெப்டோவும் ரேபிஸும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அவற்றோடு பழக்கத்தில் வருவது அது. தீங்கு என்று சொல்லமாட்டேன், ஆனால் தேவை என்றும் எழுதமாட்டேன்.

இரண்டாவது லெப்டோ. இது செத்த பாக்டீரியாவால் செய்த ஊசி. ஒன்று போட்டால் உடல் அறிமுகம் மட்டும்தான் செய்துகொள்ளும். 2 முதல் 4 வாரத்துக்குள் இரண்டாவது விழுந்தால்தான் பாதுகாப்பு உருவாகும், அதுவும் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு. சிட்டுவுக்கு ஆகஸ்ட் 10இல் ஒன்று. அடுத்தது விழவே இல்லை, ஐந்து மாதம் போய்விட்டது. பழையதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டையும் புதிதாகப் போடுவதே வழி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலும் எலியும் உண்டு என்றார்கள். லெப்டோ மனிதருக்கும் தொற்றும் என்பதால் இதைத் தள்ளிப்போட விரும்பவில்லை.

மூன்றாவது ரேபிஸ். அட்டைப்படி முதல் ஊசிக்கு ஓராண்டுக்குள், அதாவது 31.08.26க்குள் அடுத்தது போட்டால் போதும். ஆனால் 12 வாரக் கோட்டைப் பற்றிய சந்தேகம் இருக்கிறது. ஒற்றை ஊசியில் எதிர்ப்பு அளவு ஓராண்டு முடிவதற்குள் இறங்கிவிடும் நாய்களும் உண்டு. தெருநாய் நடமாட்டம் உள்ள ஊரில் அது போதாது என்று நினைப்பதால்தான் இங்கே பல மருத்துவர்கள் குட்டிக்கு மூன்று, நான்கு வாரம் கழித்து இரண்டாவது ரேபிஸ் ஊசி போடுகிறார்கள். அதிகமாக ஒன்று போடுவதால் இழப்பு மிகச் சிறியது. குறைவாக இருந்து நோய் வந்தால் மருந்தே கிடையாது. இதில் எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

எனவே 12.01.26 அன்று வில்லையை "ஆர்எல்" திரவத்தில் கரைத்து ஒரே ஊசியாகப் போட்டேன். 09.02.26 அன்று, நான்கு வாரம் கழித்து, லெப்டோ மட்டும். இந்த வரிகளை எழுதும்போது ரேபிஸ் கட்டத்தில் தனியாக "12.01.26, ஸ்டிக்கர் பக்கத்துக் கட்டத்தில்" என்று எழுதி, குப்பியின் தொகுதி எண்ணையும் சேர்த்துக் கையெழுத்தும் முத்திரையும் வைத்தேன். உரிமத்துக்குத் தனிச் சான்றும் எழுதிக் கொடுத்தேன். ஸ்டிக்கர் இருந்தும் மருத்துவரின் கையெழுத்து இல்லாத வரியை எந்த அலுவலகமும் ஏற்காது. பழைய அட்டையின் ஆகஸ்ட் 31 வரியில் முத்திரை இருந்தது, கையெழுத்து இல்லை.

ஊசி அட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்ததா, வழியில் வெயிலில் கிடந்ததா என்பது எந்த ஸ்டிக்கரிலும் தெரியாது. அட்டை, போட்டதைச் சொல்லும். பிடித்ததைச் சொல்லாது.

பூச்சி மருந்துப் பக்கம்

இந்தப் பக்கத்தை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை. சிட்டுவின் அட்டையில் இருந்தவை: 15.07.25 "மருந்து கொடுத்தது", பெயர் இல்லை, விற்றவர் எழுதியது. 10.08.25, 30.08.25 இரண்டிலும் குட்டிகளுக்கான சிரப். 05.10.25 மாத்திரை அரை. 07.12.25 மாத்திரை ஒன்று. எடை எழுதும் கட்டம் ஐந்து வரியிலும் காலி.

மாத்திரையின் பெயர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பிராசிக்வான்டெல், பைரான்டெல், ஃபெபான்டெல் என்ற மூன்று மருந்து சேர்ந்த வகை, 10 கிலோ எடைக்கு ஒரு மாத்திரை. அரை மாத்திரை 5 கிலோவுக்கானது. ஊசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஆகஸ்ட் 31 அன்றே எடை 6.8 கிலோ. ஐந்து வாரம் கழித்து அக்டோபரில் அது எட்டு ஒன்பதாவது ஆகியிருக்கும். டிசம்பரில் கொடுத்த ஒரு மாத்திரை 10 கிலோவுக்கானது. ஜனவரியில் என் தராசில் சிட்டு 14.8 கிலோ. ஆக இரண்டு முறையும் அளவு குறைந்திருக்கிறது. வளரும் நாய்க்குப் போன தடவை அளவையே கொடுப்பதால் வரும் பிழை இது. இதைக் கண்டுபிடிக்க ஊசிப் பக்கத்து எடையைப் பூச்சி மருந்துப் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்காமல் விட்டால் தெரியாது.

இன்னொன்று: குட்டிகளுக்கான அந்தச் சிரப்பில் பைரான்டெலும் ஃபெபான்டெலும் மட்டும்தான். உருண்டைப் புழு, கொக்கிப் புழுவுக்கு அது போதும். நாடாப்புழுவுக்கு வேண்டிய பிராசிக்வான்டெல் அதில் இல்லை. பெயர் எழுதாத முதல் மருந்தை விட்டால், அக்டோபர் வரை சிட்டுவுக்கு நாடாப்புழு மருந்தே போகவில்லை என்று அர்த்தம். உண்ணிப்பூச்சி வேறு, தெள்ளுப்பூச்சி வேறு. நாய்க்குப் பரவலாக வரும் நாடாப்புழுவைக் கொண்டுவருவது தெள்ளு. நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளை விழுங்குகிறது, புழு உள்ளே போகிறது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

மலப் பரிசோதனையில் கொக்கிப் புழு முட்டைகள் இருந்தன. நாடாப்புழுத் துண்டுகள் தென்படவில்லை. நாடாப்புழு முட்டை இந்தப் பரிசோதனையில் பலமுறை சிக்காது என்பதால், இல்லை என்று எழுதவில்லை. ஈறு சிவப்பாகவே இருந்தது, சோர்வும் இல்லை. அதனால் அன்றே ஊசியையும் போட்டேன். பூச்சி மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் ஊசி என்று சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் ஏற்கெனவே மூன்றரை மாதம் தாமதமான ஊசியை அதற்காக மேலும் தள்ள வேண்டியதில்லை.

14.8 கிலோவுக்கு ஒன்றரை மாத்திரை. இரண்டு வாரம் கழித்து 26.01.26 அன்று மறுபடி. ஏன் மறுபடி என்றால், மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். தசையிலும் மற்ற இடங்களிலும் தங்கியிருக்கும் கொக்கிப் புழுவின் இளம் நிலைகள் அதற்குப் பிறகு குடலுக்கு வந்து சேரும். குடியரசு தினம் என்பதால் மறக்கமாட்டோம் என்றார்கள். வீட்டுத் தராசில் ஆள் ஏறி ஒருமுறை, நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நின்று கழித்துப் பார்த்ததில் 15.2 கிலோ. போனில் கேட்டார்கள். 15ஐத் தாண்டியதால் இரண்டு மாத்திரை கொடுக்கச் சொன்னேன். எடை ஒரு படியைத் தாண்டினால் மேலே போகலாம். இந்த மருந்துகளில் அந்த அளவுக்கு இடம் இருக்கிறது. கீழே இறக்கக் கூடாது.

பிப்ரவரி 9 அன்று லெப்டோ இரண்டாவது ஊசிக்கு வந்தபோது மலத்தில் முட்டை இல்லை. ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுத்திருக்க வேண்டிய நாய். அந்தக் கட்டம் தாண்டிவிட்டதால் இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதினேன்: ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஒவ்வொன்றிலும் 12ஆம் தேதி. வீட்டில் தவழும் குழந்தை இருந்திருந்தாலோ, நாய் தெருவில் தானாகத் திரிந்திருந்தாலோ மாதம் ஒருமுறை என்றே எழுதியிருப்பேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எடைக் கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

தேதிகளை ஒரு நாளில் சேர்ப்பது

இப்போது கணக்குப்படி ரேபிஸ் 12.01.27. லெப்டோ இரண்டாவது ஊசியிலிருந்து ஓராண்டு, 09.02.27. பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ் வில்லை 12.01.29. மூன்று தேதி வைத்துக்கொண்டால் ஒன்று கட்டாயம் தவறும். சேர்க்கும்போது ஒரே விதி: ஊசியை முன்னால் இழுக்கலாம், பின்னால் தள்ளக் கூடாது. எனவே லெப்டோவை நான்கு வாரம் முன்னால் கொண்டுவந்து ஜனவரி 12க்கு மாற்றினேன். 2027, 2028 இரண்டிலும் ஜனவரி 12க்குள் "ஆர்எல்" மட்டும். 2029இல் வில்லையும் சேர்த்து. பொங்கலுக்கு முன் என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பூச்சி மருந்தின் ஜனவரித் தவணையும் அதே நாளில் விழும்.

அட்டையில் இருந்த 31.08.26ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதினேன். காரணம் எழுதாமல் அடித்தால் சென்னையில் அடுத்துப் பார்க்கும் மருத்துவர் எதை நம்புவது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பிறந்த தேதிக்குப் பக்கத்திலும் "உத்தேசம்" என்று சேர்த்தேன்.

ஒருவேளை ஜனவரி 2027 தவறினால் என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். ரேபிஸ் என்றால் ஞாபகம் வந்த அன்றே ஒரு ஊசி. ஆனால் இடைப்பட்ட நாட்களில் நாய் எதையாவது கடித்தாலோ, அதை எதாவது கடித்தாலோ அது தடுப்பூசி காலாவதியான நாயாகவே கருதப்படும். லெப்டோ சில வாரம் தாமதித்தால் ஒரு ஊசி போதும். பல மாதம் போய்விட்டால் மறுபடி இரண்டு, அதை அங்குள்ள மருத்துவர் தாமதத்தைப் பார்த்து முடிவு செய்வார். 2029 ஊசி ஓரிரு மாதம் தள்ளினால் ஒன்றும் ஆகாது.